ஷட்டர் மூடிய பிறகும் சிவப்புப் பட்டை: ஸ்மார்ட் மீட்டர் ஸ்கிரீன்ஷாட்டில் எதைப் பார்ப்பது

ராணிப்பேட்டை, வாலாஜா, காட்பாடிப் பக்கம் சின்னச் சின்னத் தொழிற்கூடங்களுக்கு வயரிங் வேலையும் பேனல் வேலையும் செய்கிறேன். இப்போதெல்லாம் பழுது என்று போனில் கூப்பிடுவதைவிட வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள்தான் அதிகம். ஸ்மார்ட் மீட்டர் ஆப்பில் ஒரு நாளில் மணிக்கு மணி ஓடிய யூனிட்டைப் பட்டைகளாகக் காட்டும் படம் இருக்கும். சில பட்டைகள் சிவப்பாகவும் மற்றவை பச்சையாகவும் நிற்கும். கீழே "இது சரியாண்ணா?" என்று ஒரே ஒரு வரி வரும்.

அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துச் சரியா தப்பா என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் இரண்டு விஷயம் கேட்டு வாங்குவேன். ஒன்று, அதே ஆப்பில் நேரப்பிரிவு வாரியாக ரீடிங் காட்டும் பக்கம். இன்னொன்று, மீட்டர் திரையில் நேரம் ஓடும்போது பக்கத்தில் போனை வைத்து, இரண்டு கடிகாரமும் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோ. வந்த படத்திலேயே மேலே எந்தத் தேதி இருக்கிறது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, யூனிட் kWh-ஆ kVAh-ஆ என்று பார்த்துக்கொள்வேன். தேதியை மாற்றாமல் நேற்றைய படத்தை இன்றைய கணக்கென்று அனுப்பியவர்கள் நிறைய.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண ஆணைப்படி பீக் அவர் என்பது காலை 6.30 முதல் 10.30 வரை, மாலை 6 முதல் இரவு 10 வரை. அந்த எட்டு மணி நேரத்தில் ஓடும் யூனிட்டுக்குத் தொழிற்சாலைகள் கூடுதலாகக் கட்ட வேண்டும். படத்தில் சிவப்பு என்பது பீக், பச்சை என்பது சாதாரண நேரம். எத்தனை சதவீதம் என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. அதை உங்கள் பில்லிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: பீக் கூடுதல் என்று போட்டிருக்கும் தொகையைப் பீக் யூனிட்டால் வகுத்து, வருவதைச் சாதாரண யூனிட் விலையோடு ஒப்பிட்டால் சதவீதம் தெரிந்துவிடும். கீழே கணக்கு சுலபமாக வருவதற்காக யூனிட் 8 ரூபாய், பீக் கூடுதல் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீட்டு இணைப்பில் பில் இரண்டு மாத ஸ்லாபில் ஓடுகிறது. அங்கே எத்தனை யூனிட் என்பதுதான் கேள்வி, எத்தனை மணிக்கு என்பது இல்லை. ஆகவே இது தொழில் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு.

படத்தில் எண்ணினால் பீக் யூனிட் குறைவு, பில்லில் அதிகம்

அடிக்கடி வரும் புகார் இதுதான். கோபத்தோடு வருவதும் இதுதான். செருப்பு அடிப்பாகம் செய்யும் ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறையிலிருந்து வந்ததை அப்படியே சொல்கிறேன். வாட்ச்மேன் காலை 6 மணிக்கு பிரஸ்ஸின் ஹீட்டரைப் போட்டு வைப்பார். ஆட்கள் 7 மணிக்கு வருவார்கள். இரவு 8 மணிக்கு ஷட்டர் மூடிவிடும். உரிமையாளர் சிவப்புப் பட்டைகளின் எண்களை நோட்டில் எழுதிக் கூட்டியிருக்கிறார். காலையில் 7–8 மணிக்கு 16, 8–9 மணிக்கு 18, 9–10 மணிக்கு 19, ஆக 53 யூனிட். மாலையில் 15, 14, 3, 3 என்று 35. மொத்தம் 88. ஆனால் மீட்டரில் அந்த நாளின் பீக் ரீடிங் 107. "நாளைக்கு 19 யூனிட் சும்மா ஏத்துறாங்கண்ணா. 25 நாளைக்கு எவ்ளோ ஆவுது பாருங்க" என்றார். 475 யூனிட் ஆகிறது. கேட்கிற எவருக்கும் நியாயமாகத்தான் படும்.

தவறு மீட்டரிலும் இல்லை, அவர் கூட்டலிலும் இல்லை. பட்டையின் அகலத்தில் இருந்தது. அந்த ஆப் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பட்டை போடுகிறது. பீக் அவரோ காலையில் அரை மணியில் தொடங்கி அரை மணியில் முடிகிறது. 6 முதல் 7 வரையுள்ள பட்டையில் பாதி சாதாரண நேரம், பாதி பீக். 10 முதல் 11 வரையுள்ள பட்டையும் அப்படியே. ஒரு பட்டைக்கு ஒரு நிறம்தான் பூச முடியும் என்பதால் இந்த இரண்டுக்கும் எந்த நிறம் என்பதை ஆப் செய்தவர்கள் ஏதோ ஒரு விதியில் முடிவு செய்திருப்பார்கள். இங்கே, பட்டை முழுவதும் பீக்குக்குள் விழுந்தால்தான் சிவப்பு. ஓரத்தில் நின்ற இரண்டு பட்டைகளும் பச்சையாகிவிட்டன.

ஆப்பில் அரை மணிப் பார்வை இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். இருந்தது. மீட்டர் தனக்குள் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்து வைப்பதால் அந்த விவரம் கிடைத்துவிடும். ஒரு மணிப் படம் என்பது அதைக் கூட்டிப் போட்டதுதான். அந்த இரண்டு பட்டைகளையும் பிரித்துப் பார்த்தபோது வந்தது இது:

```
06:00-06:30   12   சாதாரணம்
06:30-07:00   10   பீக்
10:00-10:30    9   பீக்
10:30-11:00    9   சாதாரணம்
```

பச்சைக்குள் ஒளிந்திருந்த பீக் 10-உம் 9-உம். கூட்டினால் 19. அவர் சொன்ன வித்தியாசம் அப்படியே வந்துவிட்டது. மாலையில் பீக் முழு மணியில் தொடங்கி முழு மணியில் முடிவதால் அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. வித்தியாசம் காலையில் மட்டும் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நிறம் ஆப்பின் வேலை, பணம் மீட்டரின் ரிஜிஸ்டர். நேரப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் மீட்டருக்குள் தனித்தனி எண் ஓடிக்கொண்டிருக்கும். பில் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, படத்தின் நிறத்திலிருந்து அல்ல. ஆப்பின் ரீடிங் பக்கத்திலும் சில மீட்டர் திரைகளிலும் இவை குறியீட்டோடு வரும். 1.0.1.8.0 என்பது மொத்த kWh. கடைசி எண் 1, 2, 3 என்று மாறினால் அது அந்தந்த நேரப்பிரிவின் kWh. அந்தப் பட்டறையில் ஒரு நள்ளிரவும் அடுத்த நள்ளிரவும் எடுத்த ரீடிங்கும், கடைசியில் இரண்டின் வித்தியாசமும் இப்படி இருந்தன:

```
1.0.1.8.0   48210   48474   264
1.0.1.8.1    9120    9192    72
1.0.1.8.2    6044    6079    35
1.0.1.8.3   33046   33203   157
```

காலைப் பீக் 72-உம் மாலைப் பீக் 35-உம் சேர்ந்து 107. மூன்று பிரிவையும் கூட்டினால் மொத்தம் 264 வந்துவிடுகிறது. இந்தக் கூட்டலை எப்போதும் போட்டுப் பாருங்கள். எந்தப் பிரிவுக்கு எந்த எண் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறலாம். ஆனால் பிரிவுகளின் கூட்டுத்தொகை மொத்தத்துக்குச் சமமாக வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அநேகமாக ஒன்றை kWh பக்கத்திலும் மற்றதை kVAh பக்கத்திலும் எடுத்திருப்பீர்கள். இன்னொரு தப்பும் நடக்கும். மொத்தத்தோடு பீக்கை மறுபடியும் சேர்த்து 264-உம் 107-உம் 371 என்று எழுதிவிடுவார்கள். பீக் யூனிட் மொத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் கூடுதல் ரூபாய்தான் தனியே வரும், யூனிட் இல்லை.

விஷயம் புரிந்ததும் அவர் அடுத்து கேட்டது, "அப்போ ஹீட்டர அஞ்சரைக்கே போட்டா பீக்கு தப்பிக்கும்ல?" என்று. நல்ல கேள்வி. கணக்குப் போட்டோம். இப்போது 6 மணிக்குப் போட்டால் 12 யூனிட் 8 ரூபாயிலும் 10 யூனிட் 10 ரூபாயிலும், ஆக 196 ரூபாய். 5.30-க்கே போட்டால் சூடேறும் 22 யூனிட்டும் 8 ரூபாயில் முடிந்து 176 ஆகிறது. ஆனால் ஆட்கள் வருவது 7 மணிக்குத்தான். அதுவரை அரை மணி நேரம் சூட்டைப் பிடித்து வைக்க இன்னும் ஒரு 6 யூனிட் வேண்டும், அதுவும் பீக்கில். 60 ரூபாய் சேர்ந்து 236 ஆகிவிடுகிறது. தினம் 40 ரூபாய் நஷ்டம். ஆட்களும் அரை மணி முன்னால் வந்தால் லாபம், வராவிட்டால் 6 மணியே சரி. சிவப்பைக் கண்டு ஒதுங்குவதற்காக மொத்த யூனிட்டை ஏற்றிக்கொள்ளக் கூடாது.

ஷட்டர் மூடிவிட்டது, சிவப்புப் பட்டை நிற்கிறது

அதே படத்தில் அவரை இன்னொன்றும் உறுத்தியது. "எட்டு மணிக்கே எல்லாத்தயும் நிறுத்திட்டு பூட்டிட்டுப் போய்ட்டோம்ணா. அப்புறம் எப்டி எட்டுல இருந்து பத்து வரைக்கும் மூணு மூணு காட்டுது?"

இந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் பார்ப்பது சிவப்புப் பட்டைகளை அல்ல, அவற்றுக்கு அப்புறம் வரும் பச்சைப் பட்டைகளை. 10 மணிக்குப் பிறகு பூஜ்யமாகிவிட்டால் யாரோ அந்த நேரத்தில் எதையோ ஓட்டியிருக்கிறார்கள். 11 மணிக்கும் 2 மணிக்கும் 4 மணிக்கும் அதே உயரத்தில் நின்றால், நிறுத்தாமல் விடப்பட்ட ஏதோ ஒன்று இரவு முழுக்க ஓடுகிறது. இங்கே விடியற்காலை வரை 3, 3, 3 என்று ஒரே மட்டமாக இருந்தது.

மணிக்கு 3 யூனிட் என்றால் சராசரி 3 கிலோவாட் லோடு. இரண்டு டியூப் லைட்டும் கேமராப் பெட்டியும் இதை இழுக்காது. பட்டறையில் 10 எச்.பி. கம்ப்ரசர் ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட 7.5 கிலோவாட். காற்றழுத்தம் குறைந்தால் தானே ஓடி, நிறைந்தால் தானே நிற்கும் பிஸ்டன் வகை. இரவு 9 மணிக்கு அதன் பக்கத்தில் நின்று நேரத்தைக் குறிக்கச் சொல்லி வாட்ச்மேனிடம் சொன்னேன். யாரும் காற்றைப் பயன்படுத்தாத நேரத்தில் அது 2 நிமிடம் ஓடுகிறது, 3 நிமிடம் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஓடினால் 7.5-இல் 3. பட்டையின் உயரமும் அதே 3.

மறுநாள் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு லைன் முழுக்கப் போனோம். இரண்டாவது பிரஸ்ஸின் ஹோஸைச் செருகும் இடத்தில் நுரை கொப்பளித்துக்கொண்டே இருந்தது. பித்தளை இணைப்பின் உள்ளே ரப்பர் வளையம் வெடித்திருந்தது. பகலில் மெஷின் சத்தத்தில் அந்தச் சீறல் யார் காதிலும் விழாது. வளையத்தை மாற்றினோம். ஷட்டர் மூடும்போது கம்ப்ரசரின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட வேண்டும் என்று பேனல் மேல் எழுதி ஒட்டினோம். அன்றிரவுப் பட்டை 0.4-க்கு இறங்கியது. லைட்டும் கேமராவும் அவ்வளவுதான்.

இதில் ரூபாயைக் கவனியுங்கள். இரவு 8 முதல் காலை 6 வரை பத்து மணி நேரத்தில் மிச்சம் 26 யூனிட். அடிப்படை விலையிலேயே 208 ரூபாய். அதில் பீக்குக்குள் விழுந்தது சுமார் 5 யூனிட், அதன் கூடுதல் கட்டணம் 10 ரூபாய். அவர் கண்ணில் பட்டது சிவப்பு நிறத்திலிருந்த அந்த 10 ரூபாய். பெரிய பணம் பச்சைப் பட்டைகளில் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் இரவு 12 முதல் 4 வரையுள்ள பட்டைகளை எல்லோரிடமும் கேட்டு வாங்குகிறேன். பகலில் எது எதற்கு என்று பிரிப்பது கஷ்டம். இரவில் மீட்டர் மறைக்காமல் சொல்லிவிடும்.

ஆப்பில் 13 யூனிட், பில்லில் அதைப்போல் இருபது மடங்கு

பயப்பட வேண்டாம். பெரிய லோடு இணைப்பில் கரண்ட் முழுவதும் மீட்டருக்குள் போகாது. சி.டி. என்கிற கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகக் குறைந்துதான் போகும். 100/5 சி.டி. என்றால் மீட்டர் காண்பதை 20-ஆல் பெருக்க வேண்டும். பில்லில் MF என்று போட்டிருப்பது இதுதான். ஆப்பில் 13.2 என்று வந்தால் உண்மையில் 264. சில மீட்டர்களில் இந்தப் பெருக்கலை உள்ளேயே போட்டு வைத்திருப்பார்கள். அப்போது மறுபடி பெருக்கக் கூடாது. எது என்று தெரிய, தெரிந்த ஒரு லோடை மட்டும் ஓடவிட்டு ஒரு பட்டையைப் பாருங்கள்.

நடுவில் பள்ளம், அப்புறம் கோபுரம்

மூன்று மணி நேரம் பட்டையே இல்லை, பிறகு ஒரே பட்டை வானுயரத்துக்கு. வேலை நடந்த நேரத்தில் இப்படி வந்தால் பெரும்பாலும் மீட்டருக்கும் சர்வருக்கும் இடையில் சிக்னல் அறுந்திருக்கிறது. மீட்டர் தன் பதிவை உள்ளே வைத்துக்கொண்டுதான் இருக்கும். சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். சில ஆப்கள் விடுபட்டதை அந்தந்த இடத்தில் நிரப்பும், சில கடைசியில் மொத்தமாகக் கொட்டும். ஒரு நாள் விட்டு மறுபடி திறந்து பாருங்கள். கோபுரம் பீக் நேரத்தில் நின்றாலும் பில் ரிஜிஸ்டரிலிருந்துதான் வரும் என்பதால், மேலே சொன்ன நாலு வரி ரீடிங்கை எடுத்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் படத்தை விட்டுவிடலாம்.

எல்லாப் பட்டையும் நகர்ந்து நிற்கிறது

2 மணிக்குப் போட்ட மெஷின் படத்தில் 2.30-இல் தெரிகிறது என்பார்கள். இதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாமல் ஈ.பி. ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்கும்.

முதல் காரணம் பெயர் வைக்கும் முறை. நம் ஊர் ஸ்மார்ட் மீட்டர்கள் ஒவ்வொரு அரை மணிப் பதிவுக்கும் அது முடியும் நேரத்தைத்தான் முத்திரையாகக் குத்துகின்றன. 14:30 என்று இருந்தால் 2 முதல் 2.30 வரை ஓடியது. 00:00 என்பது நேற்றிரவு 11.30 முதல் 12 வரை. சில ஆப்கள் இதை அப்படியே காட்டும், சில தொடக்க நேரமாக மாற்றிக் காட்டும். பணத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இரண்டாவது காரணம் மீட்டரின் கடிகாரமே ஓடிப்போயிருப்பது. இது பணத்தைத் தொடும். கடிகாரம் 20 நிமிடம் முந்தி ஓடினால் மாலை 5.40-க்கே மீட்டருக்கு 6 மணி ஆகிவிடும். இரவில் பீக்கும் 20 நிமிடம் முன்னதாகவே முடியும்தான். ஆனால் 8 மணிக்கு மூடும் பட்டறைக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை. மாலையில் வேலை நடக்கும் 20 நிமிடம் பீக்கில் சேர்ந்ததுதான் மிச்சம். மணிக்கு 15 யூனிட் ஓடினால் தினம் 5 யூனிட்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்வோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆறிப்போன ஹீட்டரைப் போன் கடிகாரத்தில் சரியாக 2 மணிக்குப் போட்டு 2.30-க்கு நிறுத்துவது. அந்தப் பட்டறை ஹீட்டர் 24 கிலோவாட், ஆகவே அரை மணிக்கு 12 யூனிட். ஆறியிருந்தால்தான் தெர்மோஸ்டாட் நடுவில் அணைக்காமல் முழு லோடும் ஓடும். அந்த 12-உம் ஒரே பட்டையில் விழுந்தால் கடிகாரம் சரி. அது 14:00 என்ற பட்டையா 14:30 என்ற பட்டையா என்பது பெயர் வைக்கும் முறையை மட்டும் சொல்லும். 12 யூனிட் இரண்டாக உடைந்து 8 ஒன்றிலும் 4 அடுத்ததிலும் விழுந்தால் கடிகாரம் 10 நிமிடம் முந்துகிறது. முதலில் 4, அப்புறம் 8 என்று விழுந்தால் 10 நிமிடம் பிந்துகிறது. மீட்டர் திரையின் நேரத்தோடு போனை வைத்து எடுத்த போட்டோவும் அதையே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நேரத்தைக் குறித்ததில் எங்கோ தவறியிருக்கிறோம், மறுபடி செய்ய வேண்டும்.

கடிகாரம்தான் என்று உறுதியானால் போட்டோ, ஞாயிற்றுக்கிழமை அரை மணி எண்கள், இணைப்பு எண் மூன்றையும் சேர்த்துப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதிந்து அந்தப் பதிவு எண்ணை நகலில் எழுதி வையுங்கள். மீட்டர் சீலைத் தொடாதீர்கள். நேரத்தை நீங்களாகவே திருத்த எந்தப் பட்டனும் அதில் இல்லை. திருத்தியதாகச் சொன்ன பிறகு அடுத்த ஞாயிறு அதே ஹீட்டரை அதே 2 மணிக்குப் போட்டுப் பார்த்து, 12-உம் ஒரே பட்டையில் நிற்கிற படத்தை எனக்கு அனுப்புங்கள்.